நிறைந்த பெட்டியில் யாரும் கை வைப்பதில்லை

சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் உள்ள அந்தக் குடியிருப்பின் மெயின் கேட்டில் புத்தகப் பெட்டியைத் தேடினால் கிடைக்காது. வாட்ச்மேனிடம் கேட்டேன். “சி பிளாக்குக்குப் போங்க சார், தண்ணி கேன் இறக்குற எடம்” என்றார். பன்னிரண்டு பிளாக் உள்ள இடம். உள்ளே நடந்து, இரண்டு திருப்பம் தாண்டி, கேன்கள் அடுக்கியிருந்த படிக்கட்டுக்கும் ஒரு சின்னத் தையல் கடைக்கும் நடுவே இருந்த சுவரில் அது மாட்டியிருந்தது. அலுமினியச் சட்டம், முன்பக்கம் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் கதவு, உள்ளே இரண்டு தட்டு. பூட்டு கிடையாது. காந்தப் பிடி மட்டும்தான். கதவில் பெரிய எழுத்தில் நான்கே சொற்கள்: எடுங்கள், படியுங்கள், வையுங்கள், கொடுங்கள்.

எங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒன்று வைக்க வேண்டும் என்று பேச்சு ஓடிக்கொண்டிருப்பதால்தான் போனேன். பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். தையல் கடைக்காரர் கடையைத் திறக்காமல் பெட்டியின் முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலனியில் எல்லோருக்கும் அவர் டெய்லர் அக்கா. பெட்டியை ஆரம்பித்தது சங்கம்தான் என்றாலும், அது இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள்தான் காரணம்.

“மொதல்ல கேட்லதான் வெச்சாங்க தம்பி,” என்றார். “எல்லாரும் போற வர்ற வழின்னு. ஒரு மாசத்துல கொரியர் பார்சல் வைக்கிற ஷெல்ஃபா ஆயிடுச்சு. அப்புறம் டீ கிளாஸ் வந்துச்சு, ஹெல்மெட் வந்துச்சு. புள்ளைங்க யாரும் கேட் வரைக்கும் தனியா வராது. பெரியவங்களுக்கு வாட்ச்மேன் பார்த்துக்கிட்டு இருக்கும்போது நின்னு பொரட்டிப் பார்க்க ஒரு மாதிரி இருக்கு.”

கேட்டில் எல்லோரும் கடந்து போகிறார்கள், ஆனால் யாரும் நிற்பதில்லை. தண்ணீர் கேனுக்குக் காத்திருப்பவர், பிளவுஸ் அளவு கொடுக்க வந்தவர், பள்ளி வேனுக்குப் பிள்ளையோடு நிற்பவர் எல்லோருக்கும் சி பிளாக் படிக்கட்டடியில் ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் கை பெட்டிக்குப் போகிறது. இடம் தேடும்போது எங்கே கூட்டம் அதிகம் என்பதைவிட எங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இந்த அலுமினியப் பெட்டி அவர்களுடைய மூன்றாவது பெட்டி. முந்தைய இரண்டின் கதையையும் கேட்டு வாங்கினேன்.

முதலாவது, இணையத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தக் குட்டி மர வீடு. சரிந்த கூரை, கண்ணாடிக் கதவு, தரையில் நட்ட ஒரு மரக்கால். அதன் மூலம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்ற சிற்றூர். 2009-இல் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்த தன் தாயின் நினைவாக ஓரறைப் பள்ளிக்கூடம் போல ஒரு பெட்டி செய்து வீட்டின் முன் நட்டார். அந்த வடிவம்தான் உலகம் முழுக்கப் பரவியது. பனி விழும் ஊருக்கு அது சரி. இங்கே சங்கத்துச் செயலாளர் படத்தைக் காட்ட, தச்சர் சாதாரணக் கமர்ஷியல் பிளைவுட்டில் அப்படியே செய்து கொடுத்தார். ஐப்பசி மழையில் பிளைவுட் ஓரங்கள் ஊதி, கதவு சட்டத்துக்குள் சிக்கிக்கொண்டது. குழந்தைகளால் திறக்க முடியவில்லை. ஈரத்தைத் தாங்கும் மெரைன் பிளைவுட் போட்டிருந்தால் ஊதியிருக்காது. ஆனால் கரையான் விஷயத்தில் அதுவும் உதவியிருக்காது. மண்ணில் நட்ட மரக்கால் வழியாக ஏறிய கரையான், கீழ்த்தட்டுப் புத்தகங்களின் முதுகைத் தொடாமல் உள்ளே மட்டும் தின்றிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புத்தகம் முழுதாக இருக்கும். எடுத்தால்தான் மண் கொட்டும்.

இரண்டாவது, ஓடாத ஒரு பழைய ஃப்ரிட்ஜ். யாரோ காலி செய்துகொண்டு போகும்போது விட்டுச் சென்றது. கொல்கத்தாவில் அப்படி ஒரு தெரு நூலகம் இருப்பதைச் செய்தியில் பார்த்தவர்கள் யோசனை சொன்னார்கள். மழை ஒரு சொட்டுகூட உள்ளே போகாதுதான். ஆனால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை காற்றையும் விடாது. மழைநாளில் ஈரக் கையோடு வைத்த நாலு புத்தகத்தின் ஈரம் வெளியேற வழியின்றி மற்றவற்றில் இறங்கியது. கார்த்திகை முடிவதற்குள் உள்ளே பூஞ்சண வாடை, அட்டைகளில் கறுப்புப் புள்ளி. போதாததற்குக் கதவு மூடியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. தெரியாததை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கடைசியில் அதைத் தூக்க வைத்தது வேறு ஒரு காரணம். கண்ணாமூச்சி ஆடிய ஒரு சிறுவன் கீழ்த்தட்டை உருவிவிட்டு உள்ளே ஒளியப் பார்த்திருக்கிறான். அன்று மாலையே கதவைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவதை அலுமினியம் ஃபேப்ரிகேஷன் கடையில் அளவு சொல்லிச் செய்திருக்கிறார்கள். நான் டேப்பை எடுத்து அளந்தேன். உள் அகலம் 75 செ.மீ. ஆழம் 20 செ.மீ.தான். இந்த ஆழம் தற்செயலாக வந்ததில்லை. நம் நாவல், கட்டுரை நூல்கள் பெரும்பாலும் டெமி அளவில், சுமார் 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டவை. ஆழம் 30 செ.மீ. இருந்தால் முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசையைத் திணிப்பார்கள். பின்வரிசைப் புத்தகத்தை அதற்கப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். 20 என்றால் ஒரே வரிசைக்குத்தான் இடம். மேல்தட்டின் உயரம் 26 செ.மீ., பெரியவர்களுக்கு. கீழ்த்தட்டு 32 செ.மீ., சிறுவர்களுக்கு.

கீழ்த்தட்டில் புத்தகங்கள் நிற்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டில், அட்டை நம்மைப் பார்க்கும்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. சிறுவர் படக்கதைகள் பதினாறு, இருபத்துநாலு பக்கம்தான், நடுவில் பின் அடித்தவை. அவற்றுக்கு முதுகே கிடையாது. நிற்க வைத்தால் ஒரு கோடுதான் தெரியும், பெயர் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை முதுகைப் படித்துத் தேர்ந்தெடுக்காது, அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கும். தட்டு வந்த பிறகுதான் சிறுவர் புத்தகங்கள் நகரத் தொடங்கின என்றார் அக்கா.

பெட்டியின் அடிப்பக்கம் தரையிலிருந்து 75 செ.மீ. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கை எட்டும். கூடவே வெள்ளக் கணக்கும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தத் தெருக்களில் தண்ணீர் நின்றது. சி பிளாக் படிக்கட்டடியில் முழங்காலுக்கு மேல் நின்ற அடையாளம் சுவரில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. பெட்டி அதற்கு மேலே இருந்ததால் தப்பியது. படிக்கட்டுக்கு அடியில் அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்த இருப்பு மொத்தமும் போய்விட்டது. இப்போது இருப்பு முதல் மாடியில், சங்க அறைப் பரணில் இருக்கிறது.

கதவு தெற்கு பார்த்திருக்கிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழையின் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். கோடையில் மாலை இடிமழை மேற்கிலிருந்து வரும், மேற்கு வெயில் வேறு அட்டைகளை வெளுக்கும். மிஞ்சுவது தெற்குச் சுவர்தான், அதுவும் மேலே சன்ஷேட் உள்ள சுவர். ஃப்ரிட்ஜ் கற்றுக்கொடுத்த பாடமாக, பெட்டியின் அடித்தகட்டிலும் பக்கவாட்டின் மேல்மூலைகளிலும் துளையிட்டுக் கொசுவலைக் கம்பி ஒட்டியிருந்தார்கள். கீழே நுழைகிற காற்று மேலே வெளியேறும். உள்ளே கை வைத்துப் பார்த்தேன். மாசிப் பனிக்காலையிலும் தாள் சிலுசிலுவென்று இருந்ததே தவிர நமுத்திருக்கவில்லை.

பெட்டியைப் பற்றி இவ்வளவு கேட்டேனே தவிர, அக்காவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. “பொட்டி யார் வேணா செஞ்சு குடுப்பாங்க. நீங்க இதைப் பாருங்க” என்று மடியில் இருந்த நாற்பது பக்க நோட்டைக் காட்டினார். போன ஞாயிறு மூடும்போது பெட்டியில் 66. இன்று காலை எண்ணினால் 72. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பின் அட்டையின் உட்புறத்தைப் பார்த்தார். அவர் வைத்த புத்தகம் ஒவ்வொன்றிலும் அங்கே பென்சிலால் ஒரு மாத எண் இருக்கிறது. எண் இல்லாதவை இந்த வாரம் வந்தவை. அப்படி 23. அப்படியானால் பழையதில் இருப்பது 49, ஒரு வாரத்தில் போனது 17.

“பதினேழு போயிருக்கே, நல்ல வாரம்தானே?” என்றேன்.

“போனதைப் பத்திக் கவலையில்ல தம்பி. வந்ததைப் பாருங்க.”

வந்த 23-ஐத் தரையில் விரித்த பழைய வேட்டியில் பரப்பினார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு நோட்ஸ் ஆறு. பொறியியல் பாடநூல் மூன்று. வார இதழ் நான்கு. தமிழ் நாவல் இரண்டு. பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம் மட்டும் ஒன்று. ஆங்கிலத் துப்பறியும் கதை இரண்டு. சிறுவர் நூல் ஒன்றே ஒன்று. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பழைய சமச்சீர்க் கல்விப் பாடநூல்கள் மூன்று. கடைசியாக, அட்டையில்லாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்று. பெயர் பார்ப்பதற்கு முன்பே அதன் வாடை வந்துவிட்டது.

பெட்டி தானாக நடந்தால் இந்த 23-ம் உள்ளேயே இருக்கும். அடுத்த வாரம் நல்ல நாவலும் துப்பறியும் கதையும் போய்விடும், நோட்ஸ் போகாது. அதற்கடுத்த வாரம் இன்னும் ஆறு நோட்ஸ் சேரும். இரண்டே மாதத்தில் பெட்டி நிறைந்துவிடும், அதில் எடுக்க ஒன்றும் இருக்காது. தூரத்திலிருந்து பார்க்கிற சங்கத்துக்காரர்களுக்கு நிறைந்த பெட்டி நல்ல பெட்டியாகத் தெரியும். இங்கே முதல் பெட்டி ஊதிப் போவதற்கு முன்பே அப்படித்தான் செத்துக்கொண்டிருந்ததாம். நெருக்கி அடுக்கிய வரிசையில் ஒரு புத்தகத்தை உருவவே விரல் நுழையாது. இப்போது 70-ஐத் தாண்ட விடுவதில்லை. தட்டில் கால்வாசி காலியாக, புத்தகங்கள் லேசாகச் சாய்ந்து இருந்தால்தான் கை போகும் என்பது அக்காவின் கணக்கு.

அவர் பிரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் வேலை, ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுவது. ஒன்றிலிருந்து மருந்துக்கடை ரசீது, இன்னொன்றிலிருந்து ஆதார் நகல். ஜாதகம், வங்கிச் செலான், கல்யாணப் புகைப்படம் எல்லாம் விழுந்திருக்கின்றனவாம். அவற்றை ஓர் உறையில் போட்டு வைத்து, முதல் பக்கத்தில் பெயரோ வீட்டு எண்ணோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

நோட்ஸ் ஆறும் நேரே சாக்குக்குப் போயின. 2018-19 முதல் தமிழகப் பாடத்திட்டம் மாறிவிட்டது. அதற்கு முந்தைய பாடத்துக்கான நோட்ஸ் பள்ளிப் பிள்ளைக்கு எதற்கும் ஆகாது. அதே தர்க்கப்படி பழைய சமச்சீர்ப் பாடநூல்களும் சாக்குக்குத்தான் போகும் என்று எதிர்பார்த்தேன். அக்கா அவற்றை முதலில் எடுத்துத் துடைத்து மேல்தட்டில் வைத்தார். “இதுதான் இங்க ரொம்ப சீக்கிரம் போற புஸ்தகம்” என்றார். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பாடநூல்களைத் தேடி அலைகிறார்கள், புதியதோடு பழையதையும். மூன்று பிளாக்கில் அப்படிப் படிக்கிற பெண்கள் இருக்கிறார்களாம். பாடநூல் எதுவும் வேண்டாம் என்று எங்கள் சங்கத்தில் ஏற்கெனவே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரியை அடிக்கச் சொல்ல வேண்டும்.

பொறியியல் நூல் மூன்றையும் செல்பேசியில் படம் பிடித்துக் காலனி வாட்ஸப் குழுவில் போட்டார். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் 2017-இலும் 2021-இலும் மாறியிருந்தாலும் கணிதம், தெர்மோடைனமிக்ஸ் மாதிரி நூல்களுக்கு வயதாவதில்லை. ஆனால் ஒன்று நாலு விரல் தடிமன், மூன்றை வைத்தால் பத்து நாவலின் இடம் போய்விடும். ஆகவே பெட்டியில் வைக்காமல் ஒரு வாரம் காத்திருப்பு. யாரும் கேட்காவிட்டால் சாக்கு. வார இதழ்கள் தையல் கடை பெஞ்சுக்குப் போயின. அளவு கொடுக்க வந்தவர்கள் புரட்டுவார்கள். அவற்றின் ஆயுள் இரண்டு வாரம்.

பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம் ஒரு பெரிய பிரச்சினையின் சின்ன உதாரணம். ஐந்து பாகத்தையும் சேர்த்து வைத்தால் முதல் பாகத்தை ஒருவர் கொண்டுபோய்த் திருப்பித் தர மாட்டார். மற்ற நான்கும் ஆறு மாதம் அப்படியே நிற்கும். இரண்டு முறை அப்படி ஆன பிறகு அக்கா வேறு வழி கண்டுபிடித்தார். முதல் பாகத்தை மட்டும் பெட்டியில் வைப்பார். அதன் கடைசிப் பக்கத்தில் ‘அடுத்த பாகம் தையல் கடையில் இருக்கிறது’ என்ற சீட்டு. முதல் பாகத்தைக் கொண்டுவந்தால் இரண்டாம் பாகம். கதை பாதியில் நிற்கும்போது எல்லோருமே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்களாம். எங்கிருந்தோ தனியாக வந்த மூன்றாம் பாகம் பரணுக்குப் போனது. ஒரு செட்டில் அது கிழிந்திருக்கிறதாம்.

பிளாஸ்டிக் பையில் சுற்றியதை அவர் பிரிக்கவே இல்லை. கன்னங்கரேல் என்று புள்ளி விழுந்த பூஞ்சணப் புத்தகத்தைக் காயவைத்துக் காப்பாற்றலாம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் பூஞ்சணத்தின் வித்துகள் காய்ந்தாலும் போகா. உள்ளே வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துக்குப் பரவும். அது சாக்குக்குப் போனது. ராமபாணப் பூச்சி அரித்த புத்தகம் வேறு. அட்டையின் பசையையும் மேல்தாளையும் மேலோட்டமாகச் சுரண்டியிருக்கும், துடைத்துப் பயன்படுத்தலாம். தாளுக்குள் ஊசித்துளை போலத் துவாரம் இருந்தால் அது வண்டு. சந்தேகமான புத்தகத்தைப் பாலித்தீன் உறையில் போட்டு ஒட்டி, இரண்டு வாரம் தனியாக வைப்பார். உறையின் அடியில் மாவு போலத் தூள் சேர்ந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள். சேராவிட்டால் பெட்டிக்கு.

அந்துருண்டை போடலாமே என்று கேட்டேன். போட்டிருந்தார்களாம், ஒரு குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். நாப்தலின் உருண்டை வெள்ளையாக மிட்டாய் மாதிரி இருக்கும். விழுங்கினால் ஆபத்து, சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். இப்போது மெல்லிய துணியில் கட்டிய வசம்பு இரண்டு மூலையில், மேல்தட்டில். ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். வசம்பு பூச்சியைத் தடுக்கும் அளவுக்கு இந்தத் திறந்த பெட்டியில் வேலை செய்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து உதறுவதுதான் உண்மையான மருந்து என்று தோன்றியது. இருட்டும் அசையாமையும்தான் ராமபாணத்துக்குப் பிடித்தவை.

அடுத்தது எனக்குச் சற்று வலித்த வேலை. எண் 12 எழுதிய புத்தகங்களை, அதாவது டிசம்பரில் வைத்து இரண்டு மாதமாக யாரும் தொடாதவற்றை எடுத்தார். எட்டு. அதில் நான் மிகவும் மதிக்கிற ஒரு சிறுகதைத் தொகுப்பும் இருந்தது. இன்னொரு மாதம் இருக்கட்டுமே என்றேன். “நல்ல புஸ்தகம்தான். ஆனா இங்க இருக்கிறவங்க எல்லாரும் பார்த்துட்டாங்க, வேணாம்னுட்டாங்க” என்றார். எட்டும் ஒரு துணிப்பையில் ஏறின. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குடியிருப்பிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரு பக்கமும் தங்காத புத்தகங்களை மாற்றிக்கொள்கிறார்கள். இங்கே தூசி படிந்தது அங்கே ஒரே வாரத்தில் போயிருக்கிறது. புத்தகத்துக்கு உரிய வாசகரைத் தேடிக்கொடுப்பதும் நூலகத்தின் வேலை என்று 1931-இலேயே விதியாக வகுத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தத் துணிப்பையைப் பார்த்தபோது அவர் நினைவு வந்தது. அந்தச் சிறுகதைத் தொகுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது பெட்டியில் 49. பரணிலிருந்து 15 இறக்கினோம். 64. நோட்டில் எழுதினார்.

பரண் வறண்டால் இந்த ஏற்பாடு முழுதும் நின்றுவிடும். அதற்கு வரத்து எங்கிருந்து என்று கேட்டபோது பஞ்சாங்கம் மாதிரி சொன்னார். போகிக்கு முந்தைய வாரம்தான் பெரிய அறுவடை. வீடு ஒழிக்கிற கையோடு புத்தகமும் வெளியே வரும். பிளாக் வாரியாக ஒரு சாக்கு வைத்து, ‘எரிக்க வேண்டாம், இங்கே போடுங்கள்’ என்று எழுதி வைப்பார்கள். அடுத்தது சரஸ்வதி பூஜைக்கு அலமாரி துடைக்கும் நாட்கள். பூஜையன்று பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்களாம், ஆனால் அன்றைக்குப் புத்தகம் படிக்கக் கூடாது என்பதால் ஒருவரும் தொட மாட்டார்கள். மறுநாள் விஜயதசமிக்குக் காலையிலேயே பாதி காலியாகிவிடும். இவை தவிர மாதக் கடைசியில் வீடு காலி செய்கிறவர்கள். லாரி வந்து நிற்கும் நாளில் மூட்டை கட்டிக் களைத்தவர்கள் புத்தகத்தைப் பிரிவதற்குத் தயாராக இருப்பார்கள். வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறார், லாரிக்கு கேட் பாஸ் எழுதும்போதே அக்காவுக்கு ஒரு போன்.

ஆனால் இந்த மூன்று வழியிலும் வராத ஒன்று உண்டு, தமிழ்ச் சிறுவர் நூல். வீடுகளில் அது இருப்பதே குறைவு. இருந்தாலும் கிழியும்வரை கைமாறும். பெட்டிக்கு வந்தாலும் போனது திரும்பாது, திரும்பவும் வேண்டியதில்லை என்பது அக்காவின் கட்சி. ஆகவே அதை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள் மலிவாகக் கிடைக்கும். ஆண்டு முழுதுக்கும் தேவையானதை அங்கேயே மொத்தமாக எடுத்துவிட்டு, வாரத்துக்கு நாலைந்து என்று கையிருப்பிலிருந்து இறக்குகிறார். ஒரே நாளில் எல்லாவற்றையும் வைத்தால் ஒரே வீட்டுக்குப் போய்விடும்.

“மொத்தமா யாராவது அள்ளிட்டுப் போனா?”

போயிருக்கிறார்கள். ஒரு தீபாவளி வாரத்தில் மேல்தட்டு இரவோடிரவாகக் காலி. சங்கக் கூட்டத்தில் பூட்டு போட வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பூட்டு போட்டால் சாவி ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் ஊருக்குப் போனால் பெட்டியும் ஊருக்குப் போன மாதிரிதான். அக்கா கேட்டது ஒரு பச்சை மார்க்கர் மட்டும். இப்போது எல்லாப் புத்தகத்தின் மேல்விளிம்பிலும், தாள்களுக்குக் குறுக்கே, ஒரு தடித்த பச்சைக் கோடு. மூடியிருந்தாலும் தெரியும், ஒரு பக்கத்தைக் கிழித்தாலும் போகாது. பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லி வைத்தாயிற்று, பச்சைக் கோடு போட்டது எடைக்கு வந்தால் வாங்க வேண்டாம் என்று. கழித்துக் கட்டும் புத்தகத்தில் கோட்டின்மேல் குறுக்காக இன்னொரு கோடு போட்டுவிடுவார். அப்படியிருந்தால் வாங்கலாம். இந்த ஏற்பாடு வந்த பிறகு மொத்தமாக அள்ளுவது நடக்கவில்லை. நாலு நாலாக எடுத்துப் போகும் ஒரு பையன் இருக்கிறானாம், அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவன் படிக்கிறான்.

சங்க விதி என்று எழுதி ஒட்டியது ஒன்றே ஒன்று. ஒரே தலைப்பில் மூன்று பிரதிக்கு மேல் வைத்தால் அது நோட்டீஸாகக் கருதப்பட்டு அகற்றப்படும். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சியின் கையேடு இருபது வந்ததையும், அதற்கு எதிராக இன்னொன்று முப்பது வந்ததையும், இடையில் ஒரு ஆன்மிகப் பிரசுரம் நாற்பது வந்ததையும் பார்த்தபின் எழுதியது. யார் கட்சி, எந்தச் சாமி என்று வாதாட வேண்டியதில்லை, எண்ணினால் போதும். குடியிருப்பு விதிகளில் இவ்வளவு தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. எங்கள் பார்க்கிங் விதி பதினொரு பத்தி, அதை வைத்துச் சண்டைதான் வளர்ந்திருக்கிறது.

ஒன்பது மணிக்குச் சாக்கைக் கட்டினோம். இன்றைய ஏழோடு போகியில் சேர்ந்து கழிக்க வேண்டியவையும் இருந்தன. நான் ஒரு பக்கம் பிடிக்க, பேப்பர் கடை வரை தூக்கிப் போனோம். நடக்கும்போதுதான் அவர் சொன்னார், முதல் பெட்டிக்குப் பணம் கொடுக்கப் பதினைந்து பேர் முன்வந்தார்களாம், சாக்குத் தூக்க ஒருவரும் இல்லையாம். புத்தகத்தை எடைக்குப் போடுவதைப் பாவமென்று நினைத்துச் சிலர் அவரோடு சண்டைக்கே வந்திருக்கிறார்கள். அவர்களை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட உட்கார்ந்து பிரிக்கக் கூப்பிட்டார். வந்த இரண்டு பேர் இப்போது அக்கா ஊரில் இல்லாத வாரங்களில் அவருக்குப் பதிலாக உட்கார்கிறார்கள்.

எடை 14 கிலோ. கிலோ 12 ரூபாய் என்று 168 ரூபாய் கொடுத்தார் கடைக்காரர். கூடவே தன் கடைக்கு எடைக்கு வந்த குவியலிலிருந்து எடுத்து வைத்திருந்த மூன்று சிறுவர் புத்தகங்களையும் நீட்டினார். அதற்கு எடைக்காசு வேண்டுமா என்று அக்கா கேட்க, ஐந்து ரூபாயைப் பிடித்துக்கொண்டார். 163. அதை நோட்டின் பின்பக்கத்தில் சிறுவர் நூல் கணக்கில் வரவு எழுதிவிட்டு, மூன்றையும் முதுகைப் பிடித்து அங்கேயே உதறினார். ஒன்றின் தாளில் ஊசித்துளை இருந்தது. கடையிலேயே ஒரு பாலித்தீன் உறை கேட்டு வாங்கி, அதில் போட்டு ஒட்டினார்.